“இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?” தோசைக்கல் விற்கும் பக்கத்தில் கேள்வி-பதில் எழுதும் விதம்

12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல்லை இணையத்தில் விற்கும் ஒரு பக்கம். படங்கள் ஆறு, விலை, அளவு, “பழக்கிய கல், உடனே பயன்படுத்தலாம்” என்ற வரி, எல்லாம் இருக்கிறது. கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: “இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?” கடைக்காரர் பதில்: “ஆம், வைக்கலாம். நன்றி.”

இந்தப் பதிலில் பொய் இல்லை. காந்தம் ஒட்டும் எந்தப் பாத்திரமும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும், வார்ப்பிரும்பில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆனால் கேட்டவருக்கு அந்த அறிவியல் தேவைப்படவில்லை. அவர் சமையல்கட்டில் ஏற்கெனவே இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. அதில் ஏதோ ஒரு கல்லை வைத்து, நடுவில் தோசை கருகி ஓரம் வேகாமல் போனதைப் பார்த்திருப்பார். அல்லது மூன்று கிலோ இரும்பு கண்ணாடி மேல் உட்கார்ந்தால் கண்ணாடி கீறுமா, விரிசல் விடுமா என்று பயப்படுகிறார். “ஆம்” அந்தப் பயத்தைத் தொடவே இல்லை. அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார். மூடாமல் வாங்கிவிட்டால் இன்னும் மோசம். ஓரம் வேகவில்லை என்று கல் திரும்பி வரும், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டிக்கு இரண்டு பக்கமும் கூரியர் செலவு, கூடவே ஒரு நட்சத்திர விமர்சனம்.

அதே கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருந்தால்:

“வைக்கலாம். இந்தக் கல்லின் அடி தட்டையானது, விட்டம் 30 செ.மீ. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளில் சுருளின் அகலம் பெரும்பாலும் 18 முதல் 20 செ.மீ.தான். அதனால் சுருளுக்கு வெளியே சுற்றிலும் ஐந்து செ.மீ. அளவுக்கு நேரடிச் சூடு கிடைக்காது. நடுவிலிருந்து சூடு பரவித்தான் ஓரம் காய வேண்டும். குறைந்த அளவில் 5 நிமிடம் காயவிட்டு, பிறகு நடுத்தரத்துக்கு ஏற்றுங்கள். தோசையை 8 அங்குலத்துக்குள் வார்த்தால் சீராக வேகும். எடுத்தவுடன் முழு அளவில் வைக்க வேண்டாம், நடு மட்டும் வேகமாகச் சூடேறினால் கல் விரிசல் விடக்கூடும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். இண்டக்‌ஷனில் மட்டும்தான் சமைப்பீர்கள், கல் முழுவதும் பெரிய தோசை வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. எங்கள் 10 அங்குலக் கல் பொருந்தும்.”

ஒரு விற்பனைப் பக்கத்தில் “இது உங்களுக்கு ஒத்துவராது” என்று எழுதக் கை வராது. ஆனால் மொத்தப் பதிலையும் நம்ப வைப்பது அந்த வரிதான். கேஸ் அடுப்பு வைத்திருப்பவர் அதைப் படித்ததும், மேலே சொன்ன “வைக்கலாம்” என்பதையும், பக்கத்தில் வேறெங்கோ எழுதியிருக்கும் “கேஸ் அடுப்புக்கு ஏற்றது” என்பதையும் சேர்த்தே நம்புகிறார். இண்டக்‌ஷன் மட்டும் வைத்திருப்பவர் 10 அங்குலத்துக்கு மாறுகிறார். விற்பனை போகவில்லை, சரியான அளவுக்கு நகர்கிறது.

அந்தப் பதிலில் வரிசையும் முக்கியம். முதல் சொல்லே விடை. அலைபேசியில் பல கடைகள் பதிலின் முதல் இரண்டு வரிகளைத்தான் காட்டும், மீதி “மேலும் படிக்க” என்பதற்குள் போய்விடும். “வணக்கம், எங்கள் பொருளில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி” என்று தொடங்கினால் அந்த இரண்டு வரியும் வணக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. விடைக்குப் பிறகு அளவுகள், பிறகு எந்த நிலையில் சரிவரும், கடைசியாக யாருக்குச் சரிவராது.

அளவைச் சொல்லுமுன் கடைக்காரர் உண்மையிலேயே அளந்திருக்க வேண்டும். வார்ப்பட்டறையிலிருந்து வந்த கல்லைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்தின் குறுக்கே ஒரு எஃகு ஸ்கேலை வையுங்கள். நடுவில் ஸ்கேலுக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அடி குழிந்திருக்கிறது. ஓரத்தில் இடைவெளி விழுந்து ஸ்கேல் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. இரண்டும் கேஸுக்குப் பெரிய தொல்லை இல்லை, இண்டக்‌ஷனில் சூடு கெடும். ஒரே ஒரு கல்லை அளந்து எழுதிவிடக் கூடாது. மணல் அச்சில் வார்க்கும் பொருளுக்குக் கல்லுக்குக் கல் வித்தியாசம் உண்டு. பத்துக் கல்லை அளந்து, எடையை “3.0 முதல் 3.3 கிலோ” என்று எல்லையாகப் போடுவதுதான் நேர்மை. “3.1 கிலோ” என்று போட்டால், வீட்டுத் தராசில் 3.25 காட்டும் ஒருவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

கேட்பது ஒன்று, தயக்கம் வேறு

“எடை எவ்வளவு?” என்ற கேள்விக்கு “3.0 முதல் 3.3 கிலோ” என்பது விடை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பல நேரம் தராசை நினைத்துக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் இதே கேள்வி இப்படி வரும்: “அம்மாவுக்கு 64 வயசுங்க, கை வலி இருக்கு, ஒத்தக் கையால தூக்க முடியுமா?” பொதுவில் எழுதும்போது இந்தப் பின்னணியை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே எண்ணோடு ஒரு ஒப்பீடும் வேண்டும்: “மூன்று கிலோ துவரம் பருப்புப் பையை ஒரு கையால் பிடித்துத் தூக்குவது போல இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் என்பதால் தூக்கும்போது கல் முன்பக்கம் சாயும். மணிக்கட்டில் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். அவர்களுக்கு இரண்டு காது வைத்த கல்லோ, 2 கிலோ அளவில் வரும் 10 அங்குலக் கல்லோ நல்லது.”

இந்தப் பொருளில் மிகக் கனமான தயக்கம் “தோசை ஒட்டுமா?” என்பது. இதற்கு “ஒட்டாது, நான்ஸ்டிக் போல வரும்” என்று எழுதுகிற பக்கங்கள் ஏராளம். முதல் மாத விற்பனை அதில் கூடலாம், இரண்டாம் மாதம் திரும்பி வரும் பெட்டிகள் கூடும். இரும்புக் கல் ஏன் ஒட்டுகிறது, எப்போது நிற்கிறது என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர் பொறுமையோடு தொடங்குவார். எண்ணெய் சூட்டில் இறுகி மெல்லிய கறுப்புப் படலமாக இரும்போடு பிடித்துக்கொள்வதைத்தான் கல்லைப் பழக்குவது என்கிறோம். பட்டறையில் ஏற்றிய படலம் மெல்லியது. வீட்டில் சமைக்கச் சமைக்கத்தான் அது அடுக்காக ஏறும். அதனால் பதில் இப்படி இருக்கலாம்:

“முதல் சில தோசைகள் ஒட்டலாம், அது கல்லின் குறை இல்லை. வந்தவுடன் வெந்நீரில் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். எண்ணெய் அதிகமானால் படலம் இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும், அதில் தோசை இன்னும் மோசமாக ஒட்டும். முதல் வாரம் ஊத்தப்பம், அடை போல எண்ணெய் விட்டுச் செய்பவற்றை வாருங்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். தக்காளி, புளி சேர்த்தவற்றை இதில் சமைக்க வேண்டாம், புளிப்பு படலத்தை அரிக்கும். முதல் நாளிலிருந்தே ஒட்டாமல் வர வேண்டும் என்றால் இரும்புக் கல் வேண்டாம்.”

இந்தப் பதிலைப் படித்துவிட்டு வாங்கியவர் மூன்றாவது தோசை ஒட்டும்போது கோபப்படுவதில்லை, சொன்னபடிதான் நடக்கிறது என்று நினைக்கிறார். பதில் இல்லாத பக்கத்தில் வாங்கியவருக்கு அதே மூன்றாவது தோசை பொருளைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடுகிறது. துருவும் இப்படித்தான். “துரு பிடித்து வந்திருக்கிறது” என்ற புகாருக்கு ஒவ்வொருவருக்கும் தனியாக மன்னிப்புக் கேட்பதைவிட, “மழைக்காலத்தில் வழியில் ஈரம் பட்டால் செம்மண் நிறத்தில் புள்ளி வரலாம், இரும்பு நாரால் தேய்த்து எண்ணெய் தடவினால் போய்விடும், குழி விழுந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்” என்று முன்பே பக்கத்தில் எழுதி வைப்பது மேல். எது இயல்பு, எது குறை என்ற எல்லையைக் கடையே வகுத்துக் கொடுக்க வேண்டும்.

கேள்விகள் எங்கே கிடக்கின்றன

பக்கம் புதிதாக இருக்கும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேள்விகள் வேறு இடங்களில் குவிந்து கிடக்கும். கடை வாட்ஸ்அப் எண்ணில் கடந்த மூன்று மாத உரையாடல்களைத் திறந்து, பணம் கட்டுமுன் வந்த கேள்விகளை மட்டும் ஒரு தாளில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பொருள் திரும்பி வரும்போது எழுதும் காரணத்தையும் சேருங்கள். அதே வகைக் கல்லை விற்கும் மற்றவர்களின் பக்கத்தில் இருக்கும் மூன்று நட்சத்திர விமர்சனங்கள் இன்னொரு நல்ல சுரங்கம். ஐந்து நட்சத்திரத்தில் பாராட்டும் ஒரு நட்சத்திரத்தில் கோபமும் இருக்கும், மூன்றில்தான் “நல்லா இருக்கு, ஆனா…” என்று காரணம் வரும்.

பிறகு ஒரே தயக்கத்தை ஒரு கட்டாகச் சேருங்கள். “மேலே என்ன கோட்டிங்?”, “கெமிக்கல் இருக்கா?”, “முதல் தோசை கறுப்பா வருது, சாப்பிடலாமா?” மூன்றும் ஒரே பயம்தான். கேள்வியை எழுதும்போது வாடிக்கையாளரின் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அவர் “கோட்டிங்” என்று தேடும்போது பக்கத்தில் “மேற்பூச்சு” என்று மட்டும் இருந்தால் கண்ணில் படாது. பதிலில் இரண்டு சொல்லையும் ஒருமுறை சேர்த்துவிடலாம்.

முதலில் எட்டு கேள்வி போதும். நாற்பது போட்டால் யாரும் படிப்பதில்லை. நாற்பது சந்தேகம் வரக்கூடிய பொருள் போலவும் தோன்றும்.

இந்த எட்டையும் கடை தானே கேட்டுத் தானே பதில் சொல்வதில் தவறில்லை, அதை வெளிப்படையாகச் செய்தால். “அடிக்கடி கேட்பவை” என்று தலைப்பிட்டுக் கடையின் பெயரில் போடுங்கள். உறவினர் கணக்கிலிருந்து வாடிக்கையாளர் போலக் கேட்டுக்கொள்வது வேண்டாம். இந்தியாவின் 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பனையாளர் தன்னை வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு விமர்சனம் இடுவதையும், பொருளின் தரத்தைத் திரித்துச் சொல்வதையும் தடுக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், போலிக் கேள்வியைப் படிக்கிறவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். “இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு தரமா?” என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

வாங்கியவர்களின் பதில்

கடை சொல்வதைவிட வாங்கியவர் சொல்வதை மக்கள் அதிகம் நம்புகிறார்கள். அதனால் புதிய கேள்வி வந்தால், கடை பதில் சொன்ன பிறகு, அந்தக் கல்லை வாங்கி ஒரு மாதம் ஆனவர்களில் நாலைந்து பேருக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் அனுப்பலாம். ஒரு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. பெட்டியைப் பிரித்த அன்று கேட்டால் “பேக்கிங் சூப்பர்” என்றுதான் பதில் வரும். ஒட்டுமா, துருப்பிடிக்குமா என்பது கல் பழகிய பிறகுதான் அவர்களுக்கே தெரியும். பதிலுக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டாம், கொடுத்தால் பதில் இனிப்பாகிவிடும்.

சில நேரம் வாங்கியவர் தவறாகச் சொல்லிவிடுவார். “நான் தினமும் புளி போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவுறேன், பளபளன்னு இருக்கு” என்று ஒருவர் எழுதினால், அதைப் பின்பற்றுகிற ஒவ்வொருவரின் கல்லும் ஒட்டத் தொடங்கும். அந்தப் பதிலை நீக்காதீர்கள். நீக்கினால் மற்ற பதில்களும் பொறுக்கி எடுத்தவை என்ற எண்ணம் வரும். அதன் கீழேயே, “நன்றிங்க. புளி தேய்த்தால் துரு போகும், ஆனால் பழகிய கறுப்புப் படலமும் சேர்ந்து போய்விடும். துரு பிடித்த கல்லுக்கு ஒருமுறை செய்து மறுபடி எண்ணெயில் பழக்கலாம், தினமும் வேண்டாம்” என்று எழுதுங்கள். சொன்னவரின் மரியாதையும் குறையவில்லை, அடுத்து வருகிறவரும் தப்பிக்கிறார்.

பதில் சொல்லும் வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கேட்டவர் வாங்கும் மனநிலையில் இருப்பது அன்றைக்குத்தான். மூன்று நாள் கழித்து வரும் பதில் அடுத்து வருகிறவருக்கு உதவும், கேட்டவர் அதற்குள் பக்கத்துப் பாத்திரக்கடையில் வாங்கியிருப்பார். ஆகவே கேள்வி வந்ததும் அலைபேசிக்கு அறிவிப்பு வர வேண்டும், பதில் போட்டதும் கேட்டவருக்கு அந்தப் பக்கத்தின் இணைப்போடு செய்தி போக வேண்டும். பல கடைகளில் இரண்டாவது பாதி அமைக்கப்படாமலேயே கிடக்கிறது. பதில் பக்கத்தில் இருக்கும், கேட்டவருக்கு அது தெரியாது.

எங்கே வைப்பது

கேள்வி-பதில் பகுதி பெரும்பாலும் விவரம், விமர்சனம் எல்லாம் தாண்டி அடியில் இருக்கும், அல்லது ஒரு தாவலுக்குள் மறைந்திருக்கும். தயக்கம் பிறப்பதோ மேலே, அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். 10 அங்குலமா 12 அங்குலமா என்று விரல் நிற்கும் அந்த இடத்துக்குக் கீழேயே இண்டக்‌ஷன், எடை, ஒட்டுதல் ஆகிய மூன்று கேள்விகளை ஒவ்வொரு வரியாக வையுங்கள். தட்டினால் பதில் விரியட்டும். மீதி ஐந்தும் கீழேயே இருக்கலாம்.

ஒரே கேள்வி மறுபடி மறுபடி வந்தால், பதில் இருக்க வேண்டிய இடம் கேள்வி-பதில் பகுதியே இல்லை. அடிப்பக்கத்தின் படம் ஒன்று, ஸ்கேலோடு, முதல் ஆறு படங்களுக்குள் இருந்தால் “அடி தட்டையா?” என்று கேட்கத் தேவையில்லை. எடையை அளவுப் பெயரிலேயே சேர்த்து “12 அங்குலம், 3.0 முதல் 3.3 கிலோ” என்று போடலாம்.

சந்தைத் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 10, 12 அங்குலக் கற்களை ஒரே பக்கத்தில் சேர்த்து விற்றால் கேள்வி-பதிலும் பொதுவாகிவிடும். 10 அங்குலத்துக்குச் சொன்ன “2 கிலோ” என்ற பதிலை 12 அங்குலம் வாங்குகிறவர் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கும்போது திகைப்பார். ஒவ்வொரு பதிலிலும் அளவின் பெயர் இருக்க வேண்டும், கேட்டவர் சொல்லாவிட்டாலும்.

சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் கூகுளுக்காக இதில் குறியீடு சேர்ப்பதில் அதிக நேரம் போக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் கூகுள், தேடல் முடிவில் கேள்விகளை விரித்துக் காட்டும் `FAQPage` தோற்றத்தை அரசு, உடல்நலத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஒரே கேள்வியும் அதன் பதில்களும் உள்ள பக்கத்துக்கான `QAPage` குறியீடு, பலர் பல கேள்வி கேட்கும் விற்பனைப் பக்கத்துக்குப் பொருந்தாது என்பதும் கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. இந்தப் பகுதியின் பயன், பக்கத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டவரிடம்தான்.

விற்பனை கூடியதா என்று எப்படிப் பார்ப்பது

இங்கே ஏமாறுவது எளிது. “கேள்வி-பதிலைத் திறந்து படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாங்குகிறார்கள்” என்று செயலிகள் ஒரு எண்ணைக் காட்டும். வாங்கும் எண்ணம் உள்ளவர்தான் அவ்வளவு தூரம் கீழே போய்ப் படிக்கிறார். படித்ததால் வாங்கினாரா, வாங்க நினைத்ததால் படித்தாரா என்பதை அந்த எண் சொல்லாது.

மாத ஆர்டரை ஒப்பிடுவதும் சின்னக் கடைக்கு உதவாது. மாதம் 20 கல் விற்கும் கடையில் எதையும் மாற்றாமலேயே ஒரு மாதம் 14, இன்னொரு மாதம் 27 என்று வருவது இயல்பு. இடையில் தீபாவளியோ பொங்கலோ வந்தால் கணக்கே மாறிவிடும். 27 வந்த மாதத்தைப் பார்த்து “பதில் வேலை செய்தது” என்று முடிவு கட்டினால், 14 வரும் மாதத்தில் நல்ல பதிலையும் அழித்துவிடுவோம்.

அதைவிட நம்பகமாக இரண்டைப் பார்க்கலாம். ஒன்று, அதே கேள்வி வாட்ஸ்அப்பில் இன்னும் வருகிறதா. “இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?” என்று வாரம் பத்துப் பேர் கேட்டது இரண்டாகக் குறைந்தால் பதில் கண்ணில் படுகிறது, புரிகிறது. குறையவே இல்லை என்றால் பதிலின் இடமோ முதல் வரியோ சரியில்லை. இரண்டு, திரும்பி வரும் காரணங்கள். “ஒட்டுகிறது”, “கனமாக இருக்கிறது” என்ற காரணங்கள் குறைந்து, “வழியில் உடைந்தது” மட்டும் மிஞ்சினால் பதில்கள் தம் வேலையைச் செய்துவிட்டன. அடுத்து பேக்கிங்கைப் பார்க்க வேண்டும், வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும்.

கடைசியாக, பழைய பதில்கள். பட்டறை மாறினாலோ அச்சு மாறினாலோ கல்லின் தடிமன் மாறும். 30 செ.மீ. கல்லில் தடிமன் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் எடை அரைக் கிலோ ஏறிவிடும். பக்கத்தில் “3.0 முதல் 3.3 கிலோ” என்று நிற்கும் பதில் அன்றோடு தவறாகிவிடும். அதனால் அளவு உள்ள ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் அளந்த மாதத்தைப் போடுங்கள். புதுச் சரக்கு இறங்கும் நாளில், விற்பனைக்கு ஏற்றுமுன், பத்துக் கல்லைத் தராசில் வைத்துவிட்டு அந்தப் பதில்களைத் திறந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் பழைய சரக்கு தீரும்வரை இரண்டு எண்ணையும் போட்டு, எந்தத் தேதிக்குப் பிறகு அனுப்பும் கல் எந்த எடை என்று எழுதுங்கள்.